மூன்றா, எட்டா? ஊசல் அட்டவணையும் ஒரு புகைப்படமும்

பிராக்டிகல் வகுப்பு முடிந்து மணி அடித்தாகிவிட்டது. அடுத்த பேட்ச் வாசலில் நிற்கிறது. இரண்டு பேருக்கு ஒரே அப்சர்வேஷன் நோட்டு. அது தோழியின் பையில் போகப்போகிறது. அதனால் மாணவி பென்சிலால் எழுதிய அட்டவணையைக் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு கிளம்புகிறாள். கணக்கை விடுதியில் போய்ப் போட்டுக்கொள்ளலாம். சென்னைக் கல்லூரி ஆய்வகம் எதிலும் நடக்கக்கூடிய காட்சி இது. மாணவியும் அவளுடைய எண்களும் இந்தக் கட்டுரைக்காக அமைத்துக்கொண்டவை. ஆனால் அந்தப் படத்தைத் திறந்த பிறகு வரும் சிக்கல்கள், தனி ஊசலைக் கட்டி ஆடவிட்ட எவருக்கும் பழக்கமானவை.

படத்தில் இருப்பது இதுதான். நூலின் நீளம் 98.9 செ.மீ., ஊசல் குண்டின் விட்டம் 2.20 செ.மீ. இருபது அலைவுகளுக்கு ஆன நேரம் ஐந்து முறை அளக்கப்பட்டிருக்கிறது: 40.22, 40.05, 40.31, 40.16, 40.26 வினாடி. கீழே சராசரி 40.20 என்று எழுதி அடிக்கோடிட்டிருக்கிறது. ஆனால் மூன்றாவது வரிசையின் மேல் டியூப்லைட்டின் வெளிச்சம் பளிச்சென்று விழுந்திருக்கிறது. பென்சில் கோடு பாதி மறைந்துவிட்டது. அது 40.31-ஆ, 40.81-ஆ? எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் மூன்றும் எட்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன.

இரண்டில் ஒன்றை ஊகித்து எழுதிவிட்டு மேலே போவதுதான் எளிய வழி. எட்டு என்று எழுதினால் என்ன ஆகும் என்று பார்ப்போம். சராசரி 40.30 ஆகிறது. புவியீர்ப்பு முடுக்கம் 9.72 என்று வருகிறது. அளவீடுகளின் சிதறலும் பெருகிவிடுவதால் நிச்சயமின்மை 0.06 ஆகிறது. விடை 9.72 ± 0.06. சென்னையில் உண்மை மதிப்பு ஏறத்தாழ 9.783 மீ/வி². அது இந்த எல்லையை ஒட்டித்தான் இருக்கிறது. விடையை மட்டும் பார்க்கும் ஆசிரியர் எந்தக் குறையும் சொல்ல மாட்டார். ஒரு இலக்கத்தைத் தவறாகப் படித்தது, நிச்சயமின்மை என்ற போர்வைக்குள் ஒளிந்துகொண்டுவிட்டது.

இங்கே ஒரு வேறுபாட்டை அழுத்திச் சொல்லியாக வேண்டும். கடிகாரத்தை அழுத்தும் விரல் ஒரு முறை முந்தும், ஒரு முறை பிந்தும்; அது அளவீட்டின் இயல்பு. அதைக் கணக்கில் சேர்த்து இறுதி விடைவரை கொண்டுபோகலாம், கொண்டுபோகவும் வேண்டும். மூன்றை எட்டாகப் படிப்பது அந்த வகை அல்ல. அது தவறு. அதைக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டுமே தவிர, ± குறிக்குப் பின்னால் உட்கார வைக்கக் கூடாது.

கண்டுபிடிக்கும் வழி படத்துக்குள்ளேயே இருக்கிறது. சராசரி 40.20 என்றால் ஐந்தின் கூட்டுத்தொகை 201.00. தெளிவாகத் தெரியும் நான்கையும் கூட்டினால் 160.69. மறைந்த எண் 40.31. எட்டு அல்ல, மூன்று.

அவ்வளவு உறுதியாகச் சொல்லிவிடலாமா? ஒரு படி நிதானிக்க வேண்டும். 40.20 என்பதே முழுமைப்படுத்தி எழுதிய எண்தான். உண்மையான சராசரி 40.195-லிருந்து 40.205 வரை எங்கும் இருந்திருக்கலாம். அதை ஐந்தால் பெருக்கும்போது அந்த 0.005 தளர்வும் ஐந்து மடங்காகிறது. ஆகவே மறைந்த எண் 40.29-லிருந்து 40.33 வரைக்குள் இருக்கிறது என்பதுதான் நேர்மையான முடிவு. மூன்றா எட்டா என்று தீர்ப்புச் சொல்ல இது தாராளமாகப் போதும். கடைசி இலக்கம் ஒன்றா ஏழா என்ற ஐயம் வந்தாலும் போதும், 40.37 இந்த எல்லைக்கு வெளியே நிற்கிறது.

இப்போது அதே மாணவி, ‘ஒரு தசமம் போதுமே’ என்று சராசரியை 40.2 என்று எழுதியிருந்தால்? தளர்வு 0.05 ஆகிறது, ஐந்து மடங்கில் 0.25. மறைந்த எண் 40.06-க்கும் 40.56-க்கும் இடையில் எதுவாகவும் இருக்கலாம். எட்டை இன்னும் விலக்கிவிடலாம். ஆனால் 40.31-ஐயும் 40.37-ஐயும் பிரிக்க வழியில்லை. இடைநிலை எண்களை அவசரப்பட்டு முழுமைப்படுத்தக் கூடாது என்று ஆசிரியர்கள் சொல்வதற்கான காரணம் இதைவிடக் கண்ணுக்கு நேராகத் தெரியும் இடம் வேறு இல்லை. வெட்டிய ஒரு பூஜ்யம், பிறகு தேவைப்படும் ஒரு சாட்சியை அழித்துவிடுகிறது.

எண் தெளிவானது. இனி அந்த அளவீடுகளில் உள்ள ஐயம் விடைக்குள் எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்க்கலாம். சூத்திரம் பள்ளிக்கூடத்திலேயே படித்ததுதான்:

g = 4π²L/T²

நேரத்திலிருந்து தொடங்குவோம். கடிகாரம் வினாடியில் நூறில் ஒரு பங்கு வரை காட்டுகிறது. ரெக்கார்டு நோட்டில் பலரும் ‘மீச்சிற்றளவு 0.01 வினாடி’ என்று எழுதி, அதையே நேரத்தின் பிழையாக எடுத்துக்கொள்கிறார்கள். ஐந்து எண்களையும் ஒருமுறை பார்த்தால் போதும், அது சரியில்லை என்று தெரிந்துவிடும். மிகச் சிறியது 40.05, மிகப் பெரியது 40.31. கால் வினாடிக்கு மேல் வேறுபாடு. கடிகாரத்தின் நுட்பம் வேறு, அதை அழுத்தும் கையின் நுட்பம் வேறு. சராசரியிலிருந்து ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகிறது என்று பார்த்து, வர்க்கப்படுத்திக் கூட்டி, நான்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் திட்ட விலக்கம் 0.10 வினாடி என்று வருகிறது. இது ஒரு தனி அளவீட்டின் சிதறல். ஐந்து அளவீடுகளின் சராசரி அதைவிட நிலையானது. எனவே ஐந்தின் வர்க்கமூலத்தால் வகுக்க வேண்டும். கிடைப்பது 0.045 வினாடி. கடிகாரம் காட்டும் கடைசி இலக்கத்தைப்போல நாலரை மடங்கு.

அடுத்து நீளம். தொங்கும் புள்ளியிலிருந்து குண்டின் மையம் வரை எடுக்க வேண்டும். நூல் 98.9, குண்டின் ஆரம் 1.10, ஆக 100.0 செ.மீ. குண்டின் விட்டத்தை வெர்னியர் அளவியால் 0.01 செ.மீ. வரை அளந்திருக்கிறாள். நூலையோ மீட்டர் அளவுகோலால் அளந்திருக்கிறாள். நூல் தக்கையின் பிளவிலிருந்து எந்த இடத்தில் வெளிப்படுகிறது, கொக்கி எங்கே முடிகிறது என்று பார்ப்பதிலேயே ஒரு மில்லிமீட்டர் முன்பின் ஆகும். 0.1 செ.மீ. ஐயத்தோடு 0.005 செ.மீ. ஐயத்தைச் சேர்த்தால், சேர்த்தது தெரியவே தெரியாது. வெர்னியரில் கண்ணை இடுக்கிக்கொண்டு செலவழித்த ஐந்து நிமிடம் விடையை எந்த வகையிலும் மேம்படுத்தவில்லை.

இரண்டையும் ஒப்பீட்டுப் பிழையாக மாற்றினால் ஒரே தட்டில் வைக்கலாம். நீளத்தில் 100-க்கு 0.1, அதாவது 0.10 விழுக்காடு. நேரத்தில் 40.20-க்கு 0.045, அதாவது 0.11 விழுக்காடு. பார்வைக்கு இரண்டும் சமம். ஆனால் சூத்திரத்தில் அலைவுக்காலம் வர்க்கமாக நிற்கிறது. அதன் பிழை விடைக்குள் இரண்டு மடங்காக நுழைகிறது. எனவே 0.22 விழுக்காடு.

இந்த இரண்டு மடங்கில்தான் நன்றாகப் படிக்கும் மாணவர்கள்கூடத் தடுமாறுகிறார்கள். T² என்பது T பெருக்கல் T. பெருக்கப்படும் இரண்டு அளவுகளின் பிழைகளை வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுக்க வேண்டும் என்று படித்திருக்கிறார்கள். அப்படிச் செய்தால் இரண்டுக்குப் பதில் 1.41 மடங்குதான் கிடைக்கும். எங்கே தவறு? வர்க்கக் கூட்டல் விதி, ஒன்றையொன்று சாராத இரண்டு அளவீடுகளுக்கு உரியது. ஒன்றில் விரல் முந்தினாலும் மற்றொன்றில் பிந்தலாம், கொஞ்சம் ஈடுகட்டிக்கொள்ளலாம் என்ற எதிர்பார்ப்பில் எழுந்தது. T-யும் அதே T-யும் அப்படி ஈடுகட்டிக்கொள்ள முடியாது. முதலாவது கூடியிருந்தால் இரண்டாவதும் அதே அளவு கூடித்தான் இருக்கும். எனவே முழுதாக இரண்டு மடங்கு.

நீளமும் நேரமும் உண்மையிலேயே ஒன்றையொன்று சாராதவை. 0.10-ஐயும் 0.22-ஐயும் வர்க்கப்படுத்திக் கூட்டி மூலம் எடுத்தால் 0.24 விழுக்காடு. மேல்நிலை இயற்பியலில் பழகியபடி, பெரும எல்லையைக் கணக்கிட்டு நேராகக் கூட்டினால் 0.32 விழுக்காடு. இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். நேர்க்கூட்டல், எல்லாமே ஒரே பக்கம் விலகினால் எவ்வளவு தூரம் போகும் என்று சொல்கிறது. வர்க்கக் கூட்டல், பொதுவாக எவ்வளவு விலகியிருக்கும் என்று சொல்கிறது. நம் எண்கள் சிதறலிலிருந்து, திட்ட விலக்கம் வழியாக வந்தவை. அவற்றுக்கு இரண்டாவது வழியே பொருந்தும். எந்த முறையில் போட்டது என்பதை ஒரு வரி எழுதி வைக்காவிட்டால், படிப்பவருக்கு அந்த ± குறியின் பொருள் பிடிபடாது.

கால்குலேட்டரில் g 9.77164 என்று வருகிறது. பிழையின் விழுக்காட்டை 0.24 என்று வெட்டாமல் முழு இலக்கங்களோடு எடுத்தால், நிச்சயமின்மை 0.0239. இனிதான் முழுமைப்படுத்த வேண்டும், அதுவும் ஒரு வரிசையில். முதலில் நிச்சயமின்மை, அதன் பிறகு விடை. நிச்சயமின்மை 0.024 என்று நின்றால், விடையும் அதே தசம இடத்தில் நிற்க வேண்டும்: 9.772 ± 0.024 மீ/வி². ஒரே முக்கிய எண்ணுரு போதும் என்றால் 9.77 ± 0.02. இரண்டும் சரி. 9.77164 ± 0.02 என்பது தவறு. இரண்டாவது தசமத்திலேயே ஐயம் இருக்கும்போது ஐந்தாவது தசமத்தை எழுதுவது, அளக்காததை அளந்ததாகச் சொல்வது. அதேபோல 9.80 ± 0.02 என்று எழுத வேண்டிய இடத்தில் 9.8 ± 0.02 என்று பூஜ்யத்தை உதிர்ப்பதும் தவறு.

நிச்சயமின்மைக்கு ஏன் ஒன்றிரண்டு இலக்கத்துக்கு மேல் கூடாது? ஐந்து அளவீடுகளிலிருந்து எடுத்த திட்ட விலக்கத்திலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஐயம் உண்டு. நாளை இன்னொரு ஐந்து அளவீடு எடுத்தால் 0.045 என்பது 0.03 ஆகலாம், 0.06 ஆகலாம். அப்படிப்பட்ட எண்ணின் மூன்றாவது இலக்கத்துக்கு மதிப்பேதும் இல்லை. ஆனால் நிச்சயமின்மை ஒன்று என்ற இலக்கத்தில் தொடங்கினால் இரண்டு இலக்கம் வைப்பது நல்லது. 0.014-ஐ 0.01 ஆக்கினால் கால்பங்குக்கு மேல் காணாமல் போய்விடும். துகள் இயற்பியலின் தரவுகளைத் தொகுத்து வெளியிடும் பன்னாட்டுக் குழு இதற்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறது. பிழையின் முதல் மூன்று இலக்கங்கள் 100 முதல் 354 வரை இருந்தால் இரண்டு இலக்கம், 355 முதல் 949 வரை இருந்தால் ஒரே இலக்கம், அதற்கும் மேலே போனால் 1000 என்று உயர்த்தி இரண்டு இலக்கம். நம் 0.0239-ல் அந்த மூன்று இலக்கங்கள் 239, எனவே 0.024.

இடையில் அவசரப்பட்டு வெட்டினால் நேரும் சேதமும் சிறிதல்ல. அலைவுக்காலத்தை 2.010 என்று வைக்காமல் 2.0 என்று வைத்துக் கணக்குப் போட்டால் g 9.87 ஆகிவிடும், நிச்சயமின்மையைப்போல நான்கு மடங்கு தள்ளிப் போய்விடுகிறது. π-க்கு 3.14 என்று போட்டால் விடை 9.76. அந்த 0.01 இறக்கம் ஊசலிலிருந்து வந்ததல்ல. நாமாகச் சேர்த்த பிழை, நிச்சயமின்மையில் பாதிக்குச் சற்றே குறைவு.

இவ்வளவு செய்தும், அட்டவணை ஒருபோதும் காட்டிக்கொடுக்காத பிழைகள் இரண்டு இருக்கின்றன. முதலாவது எண்ணிக்கை. கடிகாரத்தை ஓடவிடும் கணத்தில் ‘சுழி’ என்று எண்ணாமல் ‘ஒன்று’ என்று தொடங்கினால், இருபது என்று நினைப்பது உண்மையில் பத்தொன்பது அலைவுகள்தான். ஐந்து முறையும் அதே பழக்கம் என்பதால் ஐந்து எண்களும் 38.2-ஐ ஒட்டி அழகாக ஒத்துப்போகும். சிதறல் சிறியதாகவே இருக்கும். விடை மட்டும் 10.83 ± 0.03 என்று வரும். ஊசல் பரிசோதனையில் 10.8 என்ற எண்ணைக் கண்டால் அனுபவமுள்ள ஆசிரியர் வேறெதையும் தேடுவதில்லை. ‘எப்படி எண்ணினே, ஒருதரம் எண்ணிக் காட்டும்மா’ என்றுதான் கேட்பார்.

இரண்டாவது வீச்சு. ஊசலைச் சிறிய கோணத்தில் விட வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எவ்வளவு சிறியது என்பதை எண்ணாக யாரும் பார்ப்பதில்லை. பத்து பாகைக்கு இழுத்துவிட்டால் அலைவுக்காலம் 0.19 விழுக்காடு கூடுகிறது, g-இல் 0.037 குறைகிறது. நாம் பாடுபட்டுக் கணக்கிட்ட நிச்சயமின்மையைவிட இது பெரியது! ஐந்து பாகை என்றால் 0.009தான் குறையும். ஐந்து முறை அல்ல, ஐம்பது முறை அளந்தாலும் இந்தக் குறை சராசரியில் கரைந்து போகாது. அதனால்தான் ‘எந்தக் கோணத்தில் விட்டோம்’ என்ற ஒரு வரி அட்டவணையின் தலைப்பில் இருக்க வேண்டும். புகைப்படம் எடுக்கும்போது வழக்கமாக வெட்டுப்படுவதும் அந்தத் தலைப்புதான். அலகு, மீச்சிற்றளவு, சுழிப்பிழை, எத்தனை அலைவு, எந்தக் கோணம் என்ற எல்லாம் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும். எண்கள் மட்டும் இருக்கும் படத்திலிருந்து g-ஐக் கணக்கிட முடியும். அதன் பிழையைக் கணக்கிட முடியாது.

படம் எடுக்கும் பழக்கத்தைத் தடுக்க வேண்டியதில்லை. ஒரு விதத்தில் அது நல்ல காவல்: பென்சில் எண்ணைப் பிறகு ரப்பரால் அழித்து 9.8 வரும்படி ‘சரிசெய்ய’ முடியாது, அன்றைக்கு எழுதியது அன்றைக்கு எழுதியபடி நிற்கும். ஆய்வகங்கள் கேட்க வேண்டியது சிறிதுதான். தலைப்போடு முழுப் பக்கமும் படத்தில் விழட்டும். விளக்கின் எதிரொளி இல்லாமல் சற்றுச் சாய்த்து இரண்டாவது படம் ஒன்று எடுக்கட்டும். சராசரியை ஆய்வகத்தை விட்டு வெளியேறும் முன்பே, அளவீட்டின் அத்தனை தசமங்களோடும் எழுதி வைக்கட்டும். மதிப்பிடும் ஆசிரியர், விடை 9.8-க்கு எவ்வளவு அருகில் என்று பார்ப்பதை விட்டு, ± எங்கிருந்து வந்தது என்று கேட்கட்டும். சென்னையில் 9.80 என்பது சரியான விடையே அல்ல என்பதையும் மறக்க வேண்டாம்.

இந்த ஊரில் இந்தக் கேள்வி புதியதும் அல்ல. 1821-ல் மதராஸ் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் ஊசலை ஆடவிட்டு, வினாடி ஊசலின் நீளத்தை இங்கே அளந்தார். லண்டனில் ஹென்றி கேட்டர் அதே நீளத்தைச் சில ஆண்டுகளுக்கு முன்பே அளந்திருந்தார். பூமி துருவங்களில் தட்டையானது. நிலநடுக்கோட்டை நெருங்கினால் ஈர்ப்பு குறையும். ஒரு மீட்டருக்குச் சற்றே குறைவான அந்த ஊசலில் லண்டனுக்கும் மதராஸுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர். முடுக்கத்தில் சொன்னால் அங்கே 9.812, இங்கே 9.783.

நம் மாணவியின் 9.772 ± 0.024 இந்த இரண்டு ஊர்களையும் பிரித்துக் காட்டுமா? லண்டன் மதிப்பு அவள் விடையிலிருந்து நிச்சயமின்மையைப்போல 1.7 மடங்கு தள்ளி இருக்கிறது. சந்தேகப்படலாம், உறுதியாகச் சொல்ல முடியாது. என்ன செய்தால் சொல்லலாம் என்பதையும் அதே கணக்கு காட்டுகிறது. இருபதுக்குப் பதில் ஐம்பது அலைவுகளை அளந்தால் விரலின் தடுமாற்றம் அதே 0.045 வினாடிதான், ஆனால் மொத்த நேரம் நூறு வினாடியைத் தாண்டிவிடும். நேரத்தின் பங்கு 0.09 விழுக்காடாகக் குறைந்து, g-இன் நிச்சயமின்மை 0.013-க்கு இறங்கும். இரு நகரங்களுக்கும் இடையிலான 0.029 இப்போது அதைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அதற்குப் பிறகு நேரத்தை எவ்வளவு அளந்தாலும் பெரிய பயன் இல்லை. நீளத்தின் அந்த ஒரு மில்லிமீட்டர்தான் தடையாக நிற்கும். அடுத்த வாரம் ஆய்வகத்துக்குப் போகும்போது அவள் கடிகாரத்தை விட்டுவிட்டு, தக்கையின் பிளவில் நூல் எங்கே வெளிப்படுகிறது என்று குனிந்து பார்க்க வேண்டும்.